கட்டி மார்பில், டாக்டரின் விரல்கள் அக்குளில்: ஏன்?

மார்பில் கட்டி என்று சொல்லிக்கொண்டு வரும் பெண்ணைப் பரிசோதிக்கும் டாக்டர், மார்பைப் பார்த்து முடித்ததும் கையைத் தளர்த்தித் தரச் சொல்லி, அக்குளுக்குள் விரல்களை ஆழமாக விட்டுத் தடவிப் பார்ப்பார். பிறகு காறை எலும்புக்கு மேலே, கழுத்தின் அடிப்பகுதியையும் தொட்டுப் பார்ப்பார். "வலி இங்கே இல்லையே, அங்கே ஏன் பார்க்கிறார்?" என்று பத்தாங் பெர்ஜுந்தையைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வரும் பெண்கள் என்னிடம் கேட்பது வழக்கம். இந்த வட்டாரத்தில் மிஸ்ஸியாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கேள்வி என்னைத் தேடி வருகிறது. கோயில் மண்டபத்தில் கேட்கிறார்கள், பாசாரில் காய்கறி வாங்கும்போது கேட்கிறார்கள்.

கேள்வியோடு கூடவே இரண்டு நம்பிக்கைகளும் வருகின்றன. அக்குளில் நெறி கட்டிவிட்டால் புற்றுநோய் உடம்பு முழுவதும் பரவிவிட்டது, இனி மருத்துவம் வீண் என்பது ஒன்று. அக்குளில் ஒன்றும் தட்டுப்படவில்லை என்றால் மார்பில் உள்ள கட்டிக்குப் பயப்பட வேண்டாம் என்பது மற்றது. இரண்டுமே தவறு. இரண்டாவதை நம்பிக் காத்திருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன் என்பதால், அதைத்தான் அதிகம் அஞ்சுகிறேன். இவை ஏன் தவறு என்று தெரிய வேண்டுமானால், மார்பகம் எப்படி அமைந்திருக்கிறது, அதிலிருந்து வடியும் நீர் எங்கே போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மார்பகத்துக்குள்

மார்பகம் என்பது நெஞ்சின் முன்புறம், பெரிய மார்புத் தசையின் மேல் படிந்திருக்கும் ஒரு சுரப்பி. ஏறத்தாழ இரண்டாவது விலா எலும்பிலிருந்து ஆறாவது விலா எலும்பு வரை அது பரவியிருக்கிறது. உள்ளே 15 முதல் 20 வரையான மடல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மடலும் பால் சுரக்கும் நுண்ணிய பைகளின் கொத்து. அந்தக் கொத்துகளிலிருந்து மெல்லிய நாளங்கள் புறப்பட்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, காம்பை நோக்கி ஓடுகின்றன. இடைவெளிகளைக் கொழுப்பு நிரப்புகிறது. தோலுக்கும் ஆழத்துக்கும் இடையே நார்ப்பட்டைகள் ஓடி, மார்பகத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. உள்ளே வளரும் கட்டி இந்த நாரைப் பிடித்து இழுத்தால் மேலே தோலில் குழி விழும். கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கண்ணாடியில் பார்க்கச் சொல்வது அந்தக் குழி தெரிவதற்காகத்தான்.

மார்பகம் வெளியே தெரியும் வட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை. மேற்புற வெளிப்பகுதியிலிருந்து ஒரு வால் போன்ற நீட்சி அக்குளுக்குள் ஏறிச் செல்கிறது. சில பெண்களுக்கு மாதவிலக்குக்கு முன்போ, பால் கொடுக்கும் காலத்திலோ அக்குளில் வீக்கம் தெரிவது இந்தச் சுரப்பித் திசு பருப்பதால்தான். மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதி, மேற்புற வெளிப்பகுதியில்தான் தோன்றுகிறது. சுரப்பித் திசு அங்கே அதிகமாக இருப்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

பெரும்பாலான மார்பகப் புற்றுநோய், நாளம் சிறு பைகளோடு சேரும் நுனிப் பகுதியின் உட்சுவரில் உள்ள அணுக்களில் தொடங்குகிறது. அந்த உட்சுவருக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய சவ்வு ஒன்று நாளத்தைச் சுற்றி உறை போட்டிருக்கிறது. அக்குள் பற்றிய கேள்வியெல்லாம் இந்தச் சவ்வைத்தான் பொறுத்திருக்கிறது. மார்பகத்திலிருந்து நீரை வடித்துச் செல்லும் நிணநீர்க் குழாய்கள் நாளத்துக்குள் கிடையாது. சவ்வுக்கு வெளியேதான் இருக்கின்றன. கெட்ட அணுக்கள் நாளத்தின் உள்ளேயே பெருகி அடைத்துக்கொண்டிருக்கும் வரை அவற்றுக்கு அக்குளுக்குப் போக வழியே இல்லை. "நாளத்துக்குள் அடங்கிய புற்றுநோய்" என்று டாக்டர் சொல்வது இந்த நிலையை. சவ்வை உடைத்துக்கொண்டு வெளியே வந்த பிறகே அதை "ஊடுருவும் புற்றுநோய்" என்கிறார்கள். அக்குளை ஆராய வேண்டிய அவசியம் அப்போதுதான் உண்மையில் எழுகிறது.

நீர் வடியும் வழி

இரத்தக் குழாய்களின் மெல்லிய நுனிகளிலிருந்து நாள் முழுவதும் நீர் கசிந்து அணுக்களுக்கு இடையே சேர்கிறது. அதில் பெரும்பகுதியைத் திரட்டி மீண்டும் இரத்தத்தில் சேர்க்க உடம்பில் தனியாக ஒரு குழாய் அமைப்பு இருக்கிறது. அந்தக் குழாய்களில் ஓடுவதுதான் நிணநீர்.

செம்பனைத் தோட்டத்தில் நீர் வடிவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மர வரிசைகளுக்கு நடுவே வெட்டிய சிறு வாய்க்கால்கள் மண்ணில் ஊறும் நீரை வாங்கிக்கொள்கின்றன. அவை பெரிய வாய்க்காலில் விழுகின்றன, அது மதகைத் தாண்டிச் சிலாங்கூர் ஆற்றில் கலக்கிறது. நிணநீரும் அப்படித்தான்: நுண்குழாய்கள், சிறு குழாய்கள், பெரிய குழாய்கள், கடைசியில் கழுத்தின் அடியில் பெரிய சிரை. உள்ளே உள்ள தடுப்பிதழ்கள் நீர் பின்னால் திரும்பாமல் பார்த்துக்கொள்கின்றன. வாய்க்காலில் இல்லாத ஒன்று இங்கே உண்டு. வழியில் அங்கங்கே நிணநீர்க்கணுக்கள் இருக்கின்றன. வரும் நீரை வடிகட்டி, கிருமிகளையும் அந்நியப் பொருள்களையும் பிடித்து, நோய் எதிர்ப்பு அணுக்களிடம் காட்டுவது அவற்றின் வேலை.

நிணநீர் நுண்குழாயின் சுவர், இரத்த நுண்குழாயின் சுவரைப் போல நெருக்கமாகப் பின்னப்பட்டதன்று. அதன் அணுக்கள் ஓரத்தில் ஒன்றின் மேல் ஒன்று தளர்வாகப் படிந்திருக்கின்றன. வெளியே நீர் சேர்ந்து அழுத்தம் கூடும்போது அந்த ஓரங்கள் உள்நோக்கித் திறந்து நீரை உள்ளே விடுகின்றன. நீரோடு வரும் பெரிய துகள்களும் அந்த இடைவெளியில் நுழைந்துவிடும். நாளத்தின் சவ்வை உடைத்து வெளியே வந்த புற்றணுவுக்கு அருகில் கிடைக்கும் எளிய பாதை இதுதான்.

மார்பகத்திலிருந்து வடியும் நிணநீரில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலாக அதே பக்க அக்குளுக்குத்தான் போகிறது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்துக்கு அடியில் நிணநீர்க் குழாய்களின் ஒரு வலை இருக்கிறது. அதில் சேரும் நீரும் பெரும்பாலும் அக்குளை நோக்கியே திரும்புகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி உட்பக்கமாக, நெஞ்செலும்பின் ஓரத்தில் விலா எலும்புகளுக்கு இடையே ஒளிந்திருக்கும் கணுக்களுக்குப் போகிறது. அந்தக் கணுக்களைக் கையால் தொட்டுப் பார்க்க முடியாது.

இங்கே ஒரு கேள்வி வரும். கட்டி மார்பின் உட்புறத்தில், நெஞ்செலும்புக்குப் பக்கத்தில் இருந்தால் அக்குளைப் பார்க்க வேண்டியதில்லையா? பார்க்க வேண்டும். உட்புறக் கட்டிகளில் நெஞ்செலும்போரக் கணுக்களுக்கு நீர் போகும் வாய்ப்பு கூடுதல் என்பது உண்மை. ஆனாலும் பெரும்பாலோருக்கு அங்கிருந்தும் முதல் வடிகால் அக்குள்தான்.

அக்குளில் ஏறத்தாழ 20 முதல் 30 கணுக்கள் கொழுப்புக்குள் புதைந்து கிடக்கின்றன. ஆளுக்கு ஆள் எண்ணிக்கை மாறும். அறுவை மருத்துவர்கள் அவற்றைச் சிறிய மார்புத் தசையை அடையாளமாக வைத்து மூன்று படிகளாகப் பிரிக்கிறார்கள். தசையின் வெளி ஓரத்துக்குக் கீழே இருப்பவை முதல் படி. தசைக்குப் பின்னால் இருப்பவை இரண்டாம் படி. தசையின் உள் ஓரத்தைத் தாண்டி, காறை எலும்புக்கு அருகே இருப்பவை மூன்றாம் படி. மார்பக நீர் பெரும்பாலும் முதல் படியில் நுழைந்து மேலே ஏறுகிறது. முதல் படியைத் தொடாமல் மேற்படிக் கணுவில் மட்டும் புற்றணு இருப்பது அரிது. டாக்டரின் விரல் கடைசியாகக் காறை எலும்புக்கு மேலே போவதும் இந்த வரிசையைப் பின்பற்றித்தான். அங்கே கணு கெட்டியாகத் தட்டுப்பட்டால் நோய் அக்குளைத் தாண்டி வெகுதூரம் ஏறியிருக்கலாம் என்று அவர் சந்தேகிப்பார்.

எல்லா நெறியும் ஒன்றல்ல

அக்குள் கணுக்கள் மார்பகத்துக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. கையிலிருந்தும், மேல் முதுகிலிருந்தும் வடியும் நீரும் அங்கேதான் வருகிறது. உதிரிப் பழம் பொறுக்கும் பெண்களுக்கு இது முக்கியமான செய்தி. செம்பனை முள் விரலில் குத்திச் சீழ் பிடித்தால் இரண்டொரு நாளில் அக்குளில் நெறி கட்டும். கிருமியைப் பிடித்த கணு அதோடு போராடும்போது வீங்குகிறது; அது அதன் வேலை. தடுப்பூசி போட்ட கைப்பக்கமும் இப்படி வீங்கலாம். கோவிட் தடுப்பூசிக்குப் பிறகு நம் ஊரிலேயே பலர் இதைப் பார்த்தார்கள்.

புண்ணால் வந்த நெறி பொதுவாக வலிக்கும், தொட்டால் மெத்தென்றோ இறுக்கமான தசை போலவோ இருக்கும், விரலுக்கு அடியில் நகரும், புண் ஆறினால் சில வாரங்களில் சுருங்கும். புற்றணு நிறைந்த கணு பெரும்பாலும் வலிக்காது, கல்லைப் போல் கெட்டியாக இருக்கும், பக்கத்துக் கணுக்களோடு ஒட்டிக்கொண்டோ ஆழத்தில் பதிந்தோ நகராமல் நிற்கும், வாரங்கள் போனாலும் குறையாது. இந்த வேறுபாடு சந்தேகத்தை எழுப்ப உதவும். முடிவு சொல்ல உதவாது. நெறி இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், கையில் புண் இருந்ததோ இல்லையோ, காட்டத்தான் வேண்டும். எண்ணெய் போட்டு நீவி விடுவதால் கணு கரையாது. நீவிக்கொண்டே மாதங்களைக் கடத்துவதுதான் கெடுதல்.

கை ஏமாறுவதற்குக் காரணம் கணுவுக்குள் நடப்பதைப் பார்த்தால் புரியும். நிணநீர், கணுவின் மேலோட்டைத் துளைத்து உள்ளே வந்து முதலில் ஓட்டுக்கு அடியிலுள்ள ஒரு குறுகிய இடைவெளியில் விழுகிறது. புற்றணுவும் அங்கேதான் முதலில் தங்குகிறது. வந்தவற்றில் பல அங்கேயே மடிந்துவிடும். சில பிழைத்துச் சிறு கூட்டமாகப் பெருகும். நுண்ணோக்கியில் அந்தக் கூட்டத்தை அளந்துதான் அறிக்கை எழுதுகிறார்கள். 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் அது முழுமையான பரவல். 0.2 முதல் 2 மில்லிமீட்டர் வரை நுண்பரவல். அதற்கும் சிறியது தனி அணுக்கள் என்ற கணக்கில் போகும். இரண்டு மில்லிமீட்டர் கூட்டம் ஒரு பயறு அளவுக் கணுவுக்குள் ஒளிந்திருந்தால் எந்த விரலுக்கும் தெரியாது. அமெரிக்காவில் 1971இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில், தொட்டுப் பார்த்து அக்குள் சரியாக இருக்கிறது என்று சொல்லப்பட்ட பெண்களில் ஒரு பிரிவினருக்குக் கணுக்களை எடுத்துச் சோதித்தார்கள். அவர்களில் 100க்கு 40 பேருக்குக் கணுவில் புற்றணு இருந்தது. அக்குளில் ஒன்றும் தட்டுப்படவில்லை, ஆகவே பயமில்லை என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது.

ஒரு பெண்ணின் கதை

விளக்குவதற்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 54, செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். இடது மார்பின் மேற்புற வெளிப்பகுதியில் வலியில்லாத கட்டி ஒன்றைக் குளிக்கும்போது கண்டார். அதே வாரத்தில் வலது கைப் பெருவிரலில் முள் குத்திச் சீழ் பிடித்து, வலது அக்குளில் வலியோடு நெறி கட்டியது. கிளினிக்குக்கு வந்தபோது அவருடைய பயம் முழுவதும் வலது அக்குளில்தான் இருந்தது. இடது அக்குளில் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை, டாக்டருக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை.

மார்பக நீர் அதே பக்க அக்குளுக்குப் போகிறது என்பது தெரிந்தால், டாக்டர் இந்த இரண்டையும் ஏன் தனித்தனியாகப் பார்த்தார் என்பது விளங்கும். பெருவிரலுக்கு மருந்து கொடுத்தார், வலது நெறி சில வாரங்களில் அடங்கியது. இடது மார்புக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே மெமோகிராம் எடுத்தார்கள், மார்புக்கும் இரண்டு அக்குள்களுக்கும் அல்ட்ராசவுண்ட் பார்த்தார்கள். கட்டி 2.2 சென்டிமீட்டர். இடது அக்குளில் தெரிந்த கணுக்கள் நீள்வட்டமாக, நடுவில் வெண்மையான கொழுப்போடு, மெல்லிய ஓரத்தோடு இருந்தன. ஆரோக்கியமான கணுவின் தோற்றம் அது. ஓரம் தடித்தோ, நடுக் கொழுப்பு மறைந்து உருண்டையாகவோ இருந்திருந்தால் அந்தக் கணுவிலும் ஊசி போட்டுச் சோதித்திருப்பார்கள். மார்புக் கட்டியிலிருந்து தடித்த ஊசியால் சிறு துண்டு எடுத்ததில் ஊடுருவும் புற்றுநோய் என்று உறுதியானது. ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று அவருடைய நாத்தனார் தடுத்துப் பார்த்தார். ஊசிச் சோதனையால் நோயாளிகளின் ஆயுள் குறைகிறது என்பதற்குச் சான்று இல்லை. ஊசி இல்லாமல் எந்த மருந்து, எந்த அறுவை என்று முடிவு செய்யவும் முடியாது.

அடுத்தது அக்குள். எல்லாக் கணுக்களையும் எடுப்பதற்குப் பதிலாக, கட்டியிலிருந்து நீர் முதலில் போய்ச் சேரும் கணு எது என்று கண்டுபிடித்து அதை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை 1990களில் மார்பகப் புற்றுநோய்க்கு வந்தது. அந்த முதல் கணுவைக் காவல் கணு என்கிறார்கள். முதல் கணுவில் புற்றணு இல்லையென்றால் அதற்கு அப்பாலுள்ள கணுக்களிலும் இருக்காது என்பதே இதன் அடிப்படை.

அறுவைக்கு முன் மிகக் குறைந்த கதிரியக்கம் உள்ள திரவத்தை அவருடைய கருவட்டத்தின் அருகே ஊசியால் செலுத்தினார்கள். மயக்கம் கொடுத்த பிறகு நீலச் சாயமும் செலுத்தி, மார்பைச் சில நிமிடங்கள் நீவிவிட்டார்கள். இரண்டும் நிணநீர்க் குழாய்களுக்குள் புகுந்து அக்குளை நோக்கிப் போயின. அறுவை மருத்துவர் கதிரியக்கத்தை உணரும் சிறு கருவியை அக்குளின் மேல் நகர்த்தி, ஒலி உச்சத்துக்கு ஏறும் இடத்தில் சிறிதாகக் கீறி, நீலமாகக் கிடந்த குழாயைப் பின்தொடர்ந்து கணுவை அடைந்தார். இரண்டு கணுக்கள் கிடைத்தன. ஒன்று நீலமாகவும் கதிரியக்கத்தோடும் இருந்தது, மற்றதில் கதிரியக்கம் மட்டும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று கணுக்களே இப்படிக் கிடைக்கும். கதிரியக்கத் திரவ வசதி இல்லாத மருத்துவமனையில் சாயத்தை மட்டும் வைத்தும் தேடுவார்கள். அறுவை முடிந்த மறுநாள் சிறுநீர் பச்சை கலந்த நீலமாக வந்தால் பதற வேண்டாம், சாயம் வெளியேறுகிறது. தோலில் நீலத் திட்டு சில வாரங்களுக்கு நிற்கலாம்.

அறிக்கை வந்தது. முதல் கணுவில் 4 மில்லிமீட்டர் அளவில் புற்றணுக் கூட்டம். இரண்டாவது கணு சுத்தம். அவரை வாட்டிய வலது நெறி முள்ளால் வந்தது. அமைதியாக இருந்த இடது அக்குளில்தான் நோய் இருந்தது.

இந்த ஒரு கணுவால் என்ன மாறியது? கணுக்களில் நோய் இல்லாதிருந்தால் அவருடைய நிலை உடற்கூற்றுக் கணக்கில் இரண்டாம் நிலையின் முதல் பிரிவில் இருந்திருக்கும். ஒரு கணுவில் இருப்பதால் இரண்டாம் நிலையின் அடுத்த பிரிவுக்குப் போனது. நான்காம் நிலைக்குப் போகவில்லை. அதே பக்க அக்குள் கணுவில் இருப்பதை வட்டாரப் பரவல் என்றுதான் மருத்துவம் கணக்கிடுகிறது. எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை போன்ற தொலைவான இடங்களில் காணப்பட்டால்தான் நான்காம் நிலை. கணுவின் எண்ணிக்கைக்கும் மதிப்பு உண்டு. ஒன்று முதல் மூன்று, நான்கு முதல் ஒன்பது, பத்தும் அதற்கு மேலும் என்று பிரித்து, எண்ணிக்கை கூடக்கூட மருத்துவத்தின் வலுவைக் கூட்டுகிறார்கள்.

காவல் கணுவில் புற்றணு இருந்தால் மிச்சக் கணுக்கள் அனைத்தையும் எடுப்பதுதான் முன்பு வழக்கம். எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்றின் பத்தாண்டு முடிவுகள் 2017இல் வெளியாயின. கட்டி 5 சென்டிமீட்டருக்குள், அக்குளில் முன்கூட்டித் தட்டுப்படும் கணு இல்லை, காவல் கணுக்களில் ஒன்றிலோ இரண்டிலோ மட்டும் நோய், மார்பைக் காத்துக் கட்டியை மட்டும் எடுத்து முழு மார்புக்கும் கதிர்வீச்சு: இந்த நிபந்தனைகளுக்குள் அடங்கிய பெண்கள்தான் அதில் இருந்தார்கள். எல்லாக் கணுக்களையும் எடுத்தவர்களில் 100க்கு 27 பேருக்கு மேலும் கணுக்களில் நோய் இருந்தது. அப்படியானால் எடுக்காத குழுவிலும் ஏறத்தாழ அத்தனை பேருக்கு நோய் உள்ளே விடப்பட்டிருக்க வேண்டும். ஆனாலும் அக்குளில் நோய் திரும்பியவர்கள் மிகச் சிலரே, ஆயுளிலும் குறைவில்லை. கதிர்வீச்சும் மருந்தும் மிச்சத்தைக் கவனித்துக்கொண்டன என்று கருதுகிறார்கள்.

நம் பெண்மணி இந்த நிபந்தனைகளுக்குள் வருகிறார். கட்டியை எடுத்து மார்பைக் காத்துக்கொண்டார், அக்குளில் மேற்கொண்டு அறுவை இல்லை, மருந்தும் முழு மார்புக்குக் கதிர்வீச்சும் பெற்றார். இதே பெண் மார்பகத்தை முழுவதும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்த ஆய்வின் முடிவு அவருக்கு அப்படியே பொருந்தாது. அக்குள் பற்றிய பேச்சு அப்போது வேறு மாதிரி இருந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எல்லாக் கணுவையும் எடுத்தார்கள், எனக்கு ஏன் எடுக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

கணு எதைச் சொல்லாது

நோய் படிப்படியாக நிணநீர் வழியாகத்தான் போகிறது, எனவே வழியை முழுவதும் வெட்டி எடுத்தால் நோயை நிறுத்திவிடலாம் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் பால்டிமோரின் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் நம்பினார். மார்பகம், மார்புத் தசைகள், அக்குள் கணுக்கள் எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கும் அவருடைய அறுவை பல பத்தாண்டுகளாக நடந்தது. அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் 1971இல் தொடங்கிய, மேலே சொன்ன ஆய்வு அந்த நம்பிக்கையைச் சோதித்தது. மார்பகத்தை எடுத்து அக்குளைத் தொடாமல் விட்ட பெண்களிலும் 100க்கு 40 பேருக்கு ஒளிந்த நோய் இருந்திருக்க வேண்டும். பின்னாளில் அக்குளில் கணு வளர்ந்தது 100க்கு 20 பேருக்கும் குறைவானவர்களுக்கே. 25 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அக்குளை முதலிலேயே எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் ஆயுளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இதன் பொருள், நோய் இரத்தத்தின் வழியாகவும் நேரடியாகப் போகிறது என்பது. மார்பகத்தின் சிரைகள் விலா எலும்புகளுக்கு இடையே ஓடி, முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரை வலையோடு இணைகின்றன. அந்த வலையில் தடுப்பிதழ்கள் இல்லை. இருமும்போதும் பாரம் தூக்கும்போதும் இரத்தம் இரு திசையிலும் நகரும். மார்பகப் புற்றுநோய் முதுகெலும்பில் வந்து உட்காருவதற்கு இது ஒரு வழி. இந்தப் பயணம் அக்குளுக்குத் தெரியாமலே நடக்கும். எனவே கணுவில் நோய் இருப்பது, இந்தப் புற்றணு பயணம் செய்யக்கூடியது என்று நமக்குச் சொல்கிறது. கணுவில் நோய் இல்லாதது, வேறு எங்கும் போகவே இல்லை என்று உறுதி தருவதில்லை. கணு சுத்தமாக இருந்தும் டாக்டர் மருந்து பரிந்துரைப்பது இதனால்தான்.

காவல் கணுச் சோதனையும் தவறலாம். கணு முழுவதும் புற்றணுவால் அடைபட்டுவிட்டால் நீரும் சாயமும் அதற்குள் புகாமல் பக்கத்துக் கணுவுக்குத் திரும்பிவிடும். அப்போது சாயம் ஏறிய கணு சுத்தமாக இருக்கும், நோயுள்ள கணு நீலமாகாமல் கிடக்கும். அதனால்தான் அறுவை மருத்துவர் நீலமான கணுவை எடுத்த பிறகும் அக்குளில் கெட்டியாகத் தட்டுப்படும் வேறு கணு இருந்தால் அதையும் எடுக்கிறார். இதே அடைப்பு தோலின் நிணநீர்க் குழாய்களில் ஏற்பட்டால் தோல் தடித்து, மயிர்த்துளைகள் குழிந்து, ஆரஞ்சுப் பழத்தோல் போலாகும். சில நாட்களில் மார்பு சிவந்து தோல் இப்படியானால், கட்டி தட்டுப்படாவிட்டாலும் உடனே காட்ட வேண்டும்.

அக்குள் முழுவதையும் எடுக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே வெட்டுவது மார்பகத்தின் வடிகாலை மட்டுமல்ல, கையின் வடிகாலையும்தான். எல்லாக் கணுக்களையும் எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது. காவல் கணு மட்டும் எடுத்தவர்களுக்கு அது இருபதில் ஒருவர் அளவுதான். மேற்கையின் உட்புறம் மரத்துப் போவதும் உண்டு, அங்கே தோலுக்குப் போகும் நரம்பு அக்குளைக் கடந்துதான் செல்கிறது. வீக்கம் சில மாதங்களிலும் வரலாம், ஆண்டுகள் கழித்தும் வரலாம். வளையல் இறுகுவது, மோதிரம் கழலாமல் போவது, சட்டைக் கை ஒரு பக்கம் பிடிப்பது ஆகியவை முதல் அடையாளங்கள்.

வடிகால் குறைந்த கையில் முள் குத்தினால் கிருமி எளிதாகத் தங்கி, ஒரே இரவில் கை முழுவதும் சிவந்து காய்ச்சல் வரக்கூடும். அந்தக் கிருமித் தொற்று மிச்சமிருக்கும் நிணநீர்க் குழாய்களையும் கெடுத்து, வீக்கத்தைக் கூட்டும். மீண்டும் தோட்ட வேலைக்குப் போகும் பெண் அந்தக் கையில் தடித்த கையுறை இல்லாமல் செம்பனைப் பழத்தைத் தொடக்கூடாது. முள் குத்தினால் அன்றே கழுவி மருந்து போட வேண்டும். சிவப்பு படர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ காலைவரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், எந்தப் பக்கம் கணு எடுத்தார்கள் என்பதை முதல் பேச்சிலேயே சொல்ல வேண்டும்.